பட்டி மட்டும் மாற வேண்டும்: ஒரு தேயிலைப் பக்கட் படத்தில் இன்பெயிண்டிங்

ஹட்டன் பக்கத்தில் சிறிய அளவில் தேயிலை வாங்கி, தரம் பிரித்து, பக்கட் போட்டு விற்கும் ஒரு குடும்பத்துக்காகச் செய்த வேலை இது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல படம் இருந்தது. பழுப்புக் காகிதப் பை, நடுவில் ஒட்டிய வெள்ளை லேபல், லேபலின் மேல்பாதியில் கரும்பச்சைப் பட்டி, பட்டியில் வெள்ளை எழுத்தில் மூன்று மொழிகளிலும் பி.ஓ.பி.எஃப் என்ற தரப்பெயர். பையின் கழுத்திலிருந்து ஒரு சணல் கயிறு இறங்கி, பட்டியின் இடது மேல் மூலையைத் தாண்டிப் போகிறது. பை நிற்கும் பலகை மழையில் நனைந்து லேசாகப் பளபளக்கிறது. பின்னால் மங்கலாகத் தேயிலை மலை.

இப்போது பெக்கோ தரத்துக்கும் அதே பை வருகிறது. பட்டி மெரூன் நிறம், எழுத்து பெக்கோ. மற்ற எல்லாம் அப்படியே. புது லேபல் அச்சகத்திலிருந்து இன்னும் வரவில்லை. கொழும்பில் வாங்குபவருக்குப் படம் உடனே வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் அதே வெளிச்சம் மறுபடி கிடைக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. அச்சகத்துக்குப் போன வடிவமைப்புக் கோப்பு கையில் இருந்தது. ஆகவே பழைய படத்திலேயே பட்டியை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் படம் வரையும் ஏஐ மாடலைக் கொண்டு புதிதாக நிரப்புவதுதான் இன்பெயிண்டிங்.

"அந்தச் சிங்கத்துல மட்டும் கை வச்சிராதீங்க தம்பி" என்று பக்கட் போடும் அக்கா சொன்னார். நியாயமான கவலை. லேபலின் கீழே வலது மூலையில் இருப்பது இலங்கை தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம். இலங்கையிலேயே பக்கட் செய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்கு மட்டும், சபையின் அனுமதியோடு பயன்படுத்துவது அது. அதன் வாலோ வாளோ சற்று வளைந்து வந்தால்கூட, அது போலிச் சின்னம் போலத் தெரியும்.

மாஸ்க் போட்டால் மற்றது மாறாது என்பது உண்மையல்ல

முதலில் எல்லோரும் போகும் வழியிலேயே ஒரு சோதனை செய்தேன். பட்டி முழுவதையும் மாஸ்க் செய்து, அதாவது மாற வேண்டிய இடம் இதுதான் என்று குறித்து, மெரூன் பட்டியும் எழுத்தும் வேண்டும் என்று எழுதி, எஸ்.டி.எக்ஸ்.எல் இன்பெயிண்டிங் மாடலை ஓட்டிப் பார்த்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் படம் அழகாகவே இருந்தது. நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று கோளாறுகள் தெரிந்தன.

ஆங்கில எழுத்து ஓரளவுக்கு வந்தது. தமிழும் சிங்களமும் எழுத்துப் போலத் தோன்றும் கோடுகளாக வந்தன. கயிறு பட்டியின் மேல் போட்டிருந்த நிழல் காணாமல் போய், கயிறு காற்றில் மிதப்பது போல் ஆனது. மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது: மாஸ்க்குக்கு வெளியே, நான் தொடவே தொடாத இடத்தில், 'நிகர எடை 100 கிராம்' என்ற வரியில் கடைசி 'ம்'-இன் புள்ளி அழிந்து 'கிராம' என்று ஆகியிருந்தது. சிங்கத்தின் பிடரியும் குழைந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? இந்த வகை மாடல் பிக்சல்களின் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை முதலில் ஒரு சுருக்கி உள்ளே விட்டு, நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதாவது எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்தில் இருக்கும் 192 எண்கள், வெறும் நான்கு எண்களாகச் சுருங்குகின்றன. வேலை முடிந்ததும் அந்த நான்கிலிருந்து 192-ஐ மறுபடி விரித்து எழுதுகிறது. முகம், மேகம், இலை போன்றவை இந்தச் சுற்றில் பெரிதாகக் கெடுவதில்லை. இரண்டு பிக்சல் அகலமுள்ள ஒரு புள்ளி தப்பிப்பது கடினம். மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதியை மாடல் அப்படியே வைத்திருக்கத்தான் பார்க்கிறது, ஆனால் அதுவும் இந்தச் சுருக்கி விரிக்கும் பாதையில் போய்த்தான் திரும்பி வருகிறது. மாஸ்க்கின் ஓரமும் அதே எட்டு பிக்சல் கட்டங்களாக மாறிவிடுவதால், ஓரத்தை ஒட்டிய எழுத்துக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

சில மென்பொருள்கள் முடிவில் மூலப்படத்தைத் தாமாகவே திரும்ப ஒட்டி விடும். ஆட்டோமேட்டிக்1111 அப்படிச் செய்கிறது. ஆனால் அங்கேயும் மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கும் `Mask blur` அளவுக்கு ஓரம் வெளியே கசியும். கம்ஃபியூஐ-யின் சாதாரண அமைப்பில் அந்த ஒட்டல் இல்லை. `ImageCompositeMasked` என்ற முனையை நாமே சேர்க்க வேண்டும். டிஃப்யூசர்ஸ் நூலகத்திலும் நாமே செய்துகொள்வதுதான் நல்லது. மற்ற பகுதி மாறவில்லை என்ற உறுதியை மாஸ்க் தருவதில்லை, மூலப் பிக்சல்களைத் திரும்ப வைப்பதுதான் தருகிறது.

எதை மாடலிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

இந்த வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். பழைய எழுத்தை அழிப்பது, பட்டியின் நிறத்தை மாற்றுவது, புது எழுத்தை எழுதுவது. இதில் முதலாவது மட்டும்தான் இன்பெயிண்டிங்குக்கு உரிய வேலை என்பது என் கருத்து. எழுத்துக்கு அடியில் காகிதம் எப்படி இருந்தது, வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதைப் படத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. அதை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். நிறமோ அச்சுக் கோப்பில் இருக்கிறது. எழுத்தும் அங்கேயே இருக்கிறது. தெரிந்த ஒன்றை ஏன் ஊகிக்கச் சொல்ல வேண்டும்?

நிறத்தை இன்பெயிண்டிங்கில் மாற்றப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாடல் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று சொல்லும் `strength` அளவைக் குறைத்து 0.4 பக்கம் வைத்தால் மடிப்பும் நிழலும் இருந்த இடத்தில் இருக்கும், ஆனால் பச்சை பச்சையாகவே நிற்கும். இந்த மாடல்கள் தாறுமாறான புள்ளிகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் படத்தைத் தெளிவாக்குகின்றன. பெரிய நிறப் பரப்புகள் எல்லாம் அந்தப் புள்ளிகள் அதிகமாக இருக்கும் ஆரம்பப் படிகளிலேயே தீர்மானமாகி விடுவதால், குறைந்த அளவில் அந்தப் படிகள் நடப்பதே இல்லை. அளவைக் கூட்டினால் நிறம் மாறும், கூடவே மடிப்பும் நிழலும் மாறும். மெரூனைத் தட்டையாக முதலில் பூசிவிட்டுக் குறைந்த அளவில் ஓட்டும் ஒரு நடுவழி இருக்கிறது. துணி, பூ போன்றவற்றுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் வாங்குபவர் கையில் உண்மையான பையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகும் ஒரு லேபலுக்கு, மாடல் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மெரூன் போதாது.

அழிப்பது

படம் எடுத்த அளவு 4000க்கு 6000 பிக்சல். வாங்குபவருக்கு வேண்டியது 2000க்கு 3000. எனவே முதல் வேலையாக அந்த அளவுக்குக் குறைத்து, எஸ்.ஆர்.ஜி.பி நிற அமைப்புக்கு மாற்றி, பி.என்.ஜி கோப்பாகச் சேமித்தேன். இந்த வரிசை முக்கியம். பெரிய படத்தில் வேலை செய்தால், பட்டியைச் சுற்றி வெட்டும் துண்டை மாடலுக்காகச் சுருக்கி, பிறகு திரும்பப் பெரிதாக்க வேண்டி வரும். அப்போது நிரப்பிய இடம் மட்டும் வழுவழுவென்று பிளாஸ்டிக் போலத் தெரியும். 2000க்கு 3000 படத்தில் பட்டி ஏறக்குறைய 700க்கு 210 பிக்சல். அதைச் சுற்றி 1216க்கு 832 பிக்சல் துண்டு வெட்டினால், அது அந்த மாடலுக்குப் பழக்கமான அளவு. சுருக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். துண்டில் பை, கயிறு, லேபலின் வெள்ளைப் பகுதி எல்லாம் வருவதால், அது ஒரு லேபல் என்று மாடலுக்கும் புரியும்.

மாஸ்க் எழுத்துகளுக்கு மட்டும். பட்டி முழுவதற்கும் போட்டால் கயிற்றின் நிழல் போய்விடும் என்று பார்த்தோம். எழுத்தின் ஓரத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த பிக்சல்கள் இருக்கும். அவற்றையும் விழுங்கும்படி மாஸ்க்கைப் பன்னிரண்டு பிக்சல் வளர்த்தேன். திரும்ப ஒட்டுவதற்கு வேறொரு மாஸ்க்: ஆறு பிக்சல் மட்டும் வளர்ந்தது, ஓரம் மென்மையானது, ஆனால் முதல் மாஸ்க்கைத் தாண்டி ஒரு பிக்சலும் வெளியே போகாதது.

```python
hard = letters.filter(ImageFilter.MaxFilter(25))
soft = letters.filter(ImageFilter.MaxFilter(13))
soft = soft.filter(ImageFilter.GaussianBlur(2))
soft = ImageChops.darker(soft, hard)

out = pipe(prompt="blank matte green paper label, soft daylight",
           negative_prompt="text, letters, logo",
           image=crop, mask_image=hard, strength=0.99,
           width=1216, height=832).images[0]
clean = Image.composite(out, crop, soft)
```

இதில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். `prompt`-இல் பச்சை என்றே கேட்டிருக்கிறேன், மெரூன் என்று அல்ல. சுற்றிலும் பச்சை இருக்கும்போது பச்சையால் நிரப்பச் சொன்னால் இணைப்பு தெரியாது. நிறத்தைப் பிறகு மொத்தமாக மாற்றலாம். அப்புறம் `strength` 0.99. இந்த மாடலை 1.0-இல் ஓட்டினால் படத்தின் தரம் குறைகிறது என்று அதை வெளியிட்டவர்களே குறித்திருக்கிறார்கள். 0.8 பக்கம் இறக்கினாலோ, பழைய எழுத்தின் ஆவி மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது.

லேபல் என்றால் அதில் எழுத்து இருக்கும் என்று கற்ற மாடல் இது. `negative_prompt` கொடுத்தாலும் சில தடவை தானாகவே ஏதாவது கிறுக்கி வைக்கும். தொடக்க எண்ணான `seed`-ஐ மாற்றி மறுபடி ஓட்ட வேண்டியதுதான். பட்டி சுருக்கமே இல்லாமல் தட்டையாக இருந்தால், 2021-இல் வந்த லாமா என்ற பழைய இன்பெயிண்டிங் மாடலே போதும். அதற்கு எழுத்தில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சுற்றியுள்ள பரப்பை அப்படியே நீட்டும், புதிதாக எழுத்தைக் கற்பனை செய்யாது. இந்தப் பையில் பட்டியின் நடுவே ஒரு மடிப்பு எழுத்துக்கு அடியில் ஓடியது. லாமா அதை மங்கலாக்கி விட்டதால்தான் இந்த மாடலுக்கு வந்தேன்.

நிரப்பிய இடம் சரியா என்று பார்ப்பதற்கு ஒரு எளிய வழி: படத்தின் மாறுபாட்டைத் தற்காலிகமாகப் பல மடங்கு கூட்டுங்கள். பழைய எழுத்தின் ஆவி இருந்தால் அப்போது எழுந்து வரும். கேமராவின் மெல்லிய மணல் தன்மை நிரப்பிய இடத்தில் மட்டும் இல்லாமல் இருந்தாலும் தெரியும். பிந்தையது எப்போதும் இருக்கும் கோளாறு. பட்டியின் தொடாத பகுதியில் அந்த மணலின் அளவைக் கணக்கிட்டு, அதே அளவு மணலை `soft` மாஸ்க் வழியாக நிரப்பிய இடத்தில் சேர்த்தேன்.

நிறமும் எழுத்தும்

நிறத்துக்கு லேப் நிற அமைப்பைப் பயன்படுத்தினேன். அதில் வெளிச்ச அளவு தனி எண். பச்சை-சிவப்பு, நீலம்-மஞ்சள் சாய்வுகள் வேறு இரண்டு எண்கள். வெளிச்ச அளவை அப்படியே விட்டு மற்ற இரண்டை மட்டும் மாற்றுங்கள் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மெரூன் கிடைக்காது, செங்கல் நிறம்தான் கிடைக்கும். இந்தப் படத்தில் பச்சையின் வெளிச்ச அளவு 36. வர வேண்டிய மெரூனுக்கு 26. எனவே இருட்டாக்கவும் வேண்டும். எல்லா இடத்திலும் பத்தைக் கழித்தால் கயிற்றின் நிழலில் இருந்த 21 வெறும் 11 ஆகி, அந்த இடம் கறுத்துப் போகும். விகிதத்தில் குறைத்தால் 21 என்பது 15 ஆகும். நிழல் நிழலாகவே இருக்கும்.

26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், அச்சுக் கோப்பின் மெரூனிலிருந்து. ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. கோப்பில் காகித வெள்ளை நூறு. படத்தில் லேபலின் வெள்ளை 89தான், கொஞ்சம் மஞ்சள் சாய்வும் உண்டு. மலைக் காலையின் மூட்ட வெளிச்சம் அது. கோப்பின் மெரூனையும் அதே விகிதத்தில் இறக்கி வைத்தால்தான் அந்த வெளிச்சத்தில் அது இருப்பது போலத் தோன்றும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கணக்காகச் செய்யலாம். `w` என்பது ஒரு பிக்சலில் எவ்வளவு பங்கு பட்டி என்பது: பட்டிக்குள் 1, வெளியே 0, ஓரத்தில் இடைப்பட்ட அளவு. கயிறு இருக்கும் இடம் 0. `s` என்பது அந்த இடத்தில் விழும் வெளிச்சம்.

```python
lab = rgb2lab(np.asarray(clean) / 255.0)
L = lab[..., 0]
s = L / (w * green[0] + (1 - w) * paper[0])
lab = lab + (w * s)[..., None] * (maroon - green)
```

`green`, `paper`, `maroon` மூன்றும் மூன்று எண்கள் கொண்ட அணிகள். முதல் இரண்டைப் படத்திலிருந்தே, நிழல் விழாத இடத்தில் எடுத்தேன். `s` ஏன் வேண்டும் என்றால், நிழலில் நிறத்தின் அடர்த்தியும் வெளிச்சத்தோடு சேர்ந்து குறைய வேண்டும். அதை விட்டுவிட்டால் நிழலுக்குள் சிவப்பு ஒளிர்வது போல் வரும். ஓரத்தில் `w` அரை பிக்சல் விலகினாலும் பட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒன்று மெல்லியதாக எஞ்சும். பட்டியின் எல்லையைத் தூரிகையால் பூசாமல் நேர்கோடுகளால் வரைந்தது இதனால்தான். இந்தக் கணக்கை மிதவை எண்களில், அதாவது தசமப் புள்ளியோடு செய்யுங்கள். எட்டு பிட் லேப் எண்களில் செய்தால், இருண்ட மெரூனில் படிப்படியாகப் பட்டை விழும்.

இப்போது எழுத்து. இதே `s` இங்கேயும் உதவுகிறது. பட்டியில் உள்ள எழுத்து மையால் அச்சிட்டது அல்ல. மை விழாமல் விட்ட காகிதம். ஆகவே எழுத்தின் நிறம் காகித நிறம், அதன் மேல் அந்த இடத்து வெளிச்சம்: `paper * s`. வெறும் வெள்ளையை ஒட்டினால் எழுத்து பைக்கு முன்னால் எழும்பி நிற்கும். `s`-ஆல் பெருக்கினால் மடிப்பு எழுத்தின் குறுக்கே ஓடுகிறது, நிழலில் வரும் எழுத்து மங்குகிறது. இன்பெயிண்டிங் செய்து நாம் சம்பாதித்தது உண்மையில் இந்த `s`தான். பழைய எழுத்துக்கு அடியில் மறைந்திருந்த வெளிச்சம் இல்லாமல் புது எழுத்தை அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது.

எழுத்து வடிவத்தை அச்சகத்தின் கோப்பிலிருந்தே, எழுத்துருவாக அல்லாமல் வெளிக்கோடாக எடுத்தேன். தமிழில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் பில்லோ நூலகத்தில், எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் ராக்ம் இணைப்பு இல்லாவிட்டால், அது எழுத்துகளைத் தட்டச்சு செய்த வரிசையிலேயே அடுக்கும். 'பெக்கோ' என்பதில் ஒற்றைக் கொம்பு 'ப'-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கோ'வும் உடைந்து போகும். சிங்களத்துக்கும் இதே கதி. உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க:

```python
from PIL import features
print(features.check("raqm"))
```

வெளிக்கோட்டை நான்கு மூலைகளையும் பிடித்துப் பட்டியின் சாய்வுக்கு வளைத்து, பையின் வயிறு சற்றுப் புடைத்திருந்ததால் நடுவில் கொஞ்சம் வில்லாக்கி வைத்தேன். கணினி எழுத்து கத்தி போல் கூர்மையாக இருக்கும், லென்ஸ் வழியாக வந்த எழுத்து அப்படி இருக்காது. பக்கத்தில் உள்ள 'நிகர எடை' வரியோடு ஒப்பிட்டு, 0.7 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினேன். சரியான அளவு என்பது, இரண்டு வரியையும் அருகருகே பெரிதாக்கிப் பார்த்தால் எது பழையது எது புதியது என்று சொல்ல முடியாத அளவு.

மாறவில்லை என்று காட்டுவது

முடிந்த துண்டை 2000க்கு 3000 படத்தில் அதன் இடத்தில் வைத்தேன். அதையும் பட்டியின் மாஸ்க் வழியாகவே வைக்க வேண்டும். துண்டை முழுதாக ஒட்டினால், லேப் கணக்குக்குப் போய்த் திரும்பியதில் ஏற்பட்ட சிறு எண் மாற்றங்களும் சேர்ந்து வந்துவிடலாம். பிறகு மூலத்தையும் முடிவையும் கழித்துப் பார்த்தேன்.

```python
d = np.abs(final.astype(int) - orig.astype(int)).max(axis=2)
print(d[region == 0].max())
```

`region` என்பது மாற அனுமதித்த இடம். வெளியே கிடைக்கும் எண் 0 ஆக இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று வந்தாலும் ஏதோ ஒரு படியில் முழுப் படமும் எங்கேயோ போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை ஜேபெக் ஆக்குவதற்கு முன் செய்ய வேண்டும். ஜேபெக் எல்லா இடத்தையும் கொஞ்சம் மாற்றும், அதற்குப் பின் கழித்துப் பார்த்தால் எதுவும் புரியாது. அந்த வித்தியாசப் படத்தை இருபது மடங்கு பிரகாசமாக்கி அக்காவுக்கும் அனுப்பினேன். கறுப்புப் படத்தில் பட்டி மட்டும் ஒளிர்ந்தது. சிங்கம் இருந்த மூலை முழுக் கறுப்பு. அவருக்கு அதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சுழியம் வந்த பிறகும் படம் முழுமையாகவில்லை. ஈரப் பலகையில் பையின் பிரதிபலிப்பு இருந்தது, அதில் மங்கலாக ஒரு பச்சைப் பட்டை. மேலே மெரூன், கீழே பச்சை. யாரும் உடனே கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள், ஆனால் படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று கண் சொல்லும். 'மற்ற எதுவும் மாறக் கூடாது' என்ற கட்டளையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் படம் பொய்யாகும் இடம் இது. நிறம் சுற்றுப்புறத்தில் சிந்தியிருக்கிறது. அது லேபலின் ஒரு பகுதிதான். அனுமதி கேட்டுக்கொண்டு, பலகையில் அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டாவது மாஸ்க் போட்டு, அதே நிற மாற்றத்தை 0.15 பங்கு மட்டும் கொடுத்தேன். இதற்கு இன்பெயிண்டிங் கூடாது: மரத்தின் ரேகை மாறிவிடும். சணல் கயிற்றின் அடிப்பக்கத்திலும் பச்சைச் சாயல் இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

இந்த லேபல் பளபளப்பு இல்லாத காகிதம் என்பதால்தான் கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்தது. தேயிலைத் தகரடப்பா என்றால் இதே சூத்திரம் தோற்கும். உலோகத்தில் தெறிக்கும் வெள்ளை ஒளிக்கு டப்பாவின் நிறம் கிடையாது, வானத்தின் நிறம்தான். அதற்கும் சேர்த்து மெரூன் ஏற்றினால் ஒளிப்பொட்டு ரோஜா நிறமாகும். அங்கே ஒளித்தெறிப்பை முதலில் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, நிறம் மாற்றியபின் மேலே சேர்க்க வேண்டும். அது வேறொரு வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் செய்ய மறுத்தேன். மூலப்படத்தில் பைக்கு முன்னால் ஒரு சின்ன மரக் கிண்ணத்தில் தேயிலை இருந்தது. அது பி.ஓ.பி.எஃப்: பொடிக்குச் சற்று மேலான, சிறிய உடைந்த துகள். பெக்கோ அப்படி இருக்காது, துகள் பெரிது, சுருண்டிருக்கும். "அதையும் அப்படியே மாத்திரலாமே" என்று வீட்டில் ஒருவர் கேட்டார். மாடல் மிக அழகாகச் சுருண்ட இலையை வரைந்து தரும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்தத் தொழிற்சாலையிலும் காய்ந்து வந்த இலை அல்ல. தேயிலை வாங்குபவர் இலையைப் பார்த்துத்தான் விலை பேசுவார். லேபல் விஷயத்தில் அச்சுக் கோப்பு என்ற உண்மை கையில் இருந்தது, அதற்குக் கட்டுப்பட்டுப் படத்தை மாற்றினோம். இலைக்கு அப்படிக் கட்டுப்பட எதுவும் இல்லை. வீட்டில் பெக்கோ மூட்டை இருந்தது. அதே கிண்ணத்தில் அந்த இலையைப் போட்டு, மூடுபனி வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில் தனியாக ஒரு படம் எடுத்தோம். பைப் படத்தைக் கிண்ணத்துக்கு மேலே வெட்டி, இரண்டையும் இரண்டு படங்களாகவே அனுப்பினோம்.

பட்டியின் `w`, எழுத்து அழித்த `clean`, `s` ஆகிய மூன்று கோப்புகளையும் சேமித்து வைத்திருக்கிறேன். அடுத்து பி.ஓ.பி தரத்துக்கு நீலப் பட்டி வருகிறது. அதற்கு மாடலை மறுபடி ஓட்டத் தேவையில்லை, நிறத்தின் மூன்று எண்களும் எழுத்தின் வெளிக்கோடும் மாறினால் போதும்.